502 சதவீதம் ஸ்டேக்கிங் வட்டி உண்மையா? ஏபிஆர், ஏபிஒய் பற்றி வடசென்னையில் என்னிடம் கேட்ட கேள்விகள்

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு பக்கம் சில துணிக்கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். நானும் கொஞ்சம் கிரிப்டோ காயினை ஸ்டேக் செய்து, அதாவது வட்டிக்காக நெட்வொர்க்கில் பூட்டி வைத்திருப்பது தெரிந்ததிலிருந்து கடைப் பையன்கள், தெருவில் இருப்பவர்கள், சொந்தக்காரர்கள் எல்லோரும் மொபைலை நீட்டி ஒரே மாதிரியான கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்து, என் பதில்களை ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

"அண்ணா, ஒரு ஆப்ல APR-னு இருக்கு, இன்னொண்ணுல APY-னு இருக்கு. ரெண்டும் ஒண்ணுதானே?"

ஒன்றில்லை. நம் ஊரில் "ரெண்டு வட்டி" என்றால் எல்லோருக்கும் புரியும், நூற்றுக்கு மாதம் 2 ரூபாய். ஒரு லட்சம் கொடுத்தால் மாதம் 2,000, வருடத்துக்கு 24,000. மாதாமாதம் வட்டி கைக்கு வந்துவிடுகிறது, அசல் அப்படியே நிற்கிறது. இதுதான் ஏபிஆர், 24 சதவீதம்.

இப்போது வாங்கியவர் மாதாமாதம் வட்டி தராமல், "அசலோடு சேர்த்துக்கோ அண்ணே, வருஷக் கடைசியில மொத்தமா தரேன்" என்று சொன்னால் என்ன ஆகும்? முதல் மாதம் 1,02,000, அடுத்த மாதம் அந்த 1,02,000-க்கும் சேர்த்து வட்டி, இப்படியே 12 மாதம் போனால் 1,26,824 ரூபாய். வட்டிக்கு வட்டி சேர்ந்து 26.82 சதவீதம் ஆகிவிட்டது. இதுதான் ஏபிஒய்.

கடனும் அதேதான், வட்டியும் அதே ரெண்டு வட்டிதான், ஆனால் ஒருவர் 24 என்பார், இன்னொருவர் 26.82 என்பார், இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஆகவே ஒரு ஆப்பில் இருக்கும் ஏபிஆரை இன்னொரு ஆப்பில் இருக்கும் ஏபிஒய்யோடு நேராக ஒப்பிடக் கூடாது, இரண்டையும் ஒரே கணக்குக்குக் கொண்டுவந்த பிறகுதான் எது அதிகம் என்று பார்க்க வேண்டும்.

"24-க்கும் 26-க்கும் ரெண்டு பர்சன்ட்தான் வித்தியாசம். இதுக்கு ஏன் இவ்ளோ கவலை?"

வட்டி சின்னதாக இருக்கும்வரை வித்தியாசமும் சின்னதுதான். 10 சதவீத ஏபிஆரைத் தினமும் அசலோடு சேர்த்தால் 10.5 சதவீத ஏபிஒய் வரும், அதற்காக யாரும் தூக்கம் கெட வேண்டியதில்லை. ஆனால் விகிதம் ஏற ஏற இடைவெளி வெடித்துப் பெரிதாகிறது. 100 சதவீத ஏபிஆர் தினமும் சேர்ந்தால் 171 ஆகிறது, 180 சதவீதம் 502 ஆகிறது, தினமும் 1 சதவீதம், அதாவது 365 சதவீத ஏபிஆர், சேர்த்துச் சேர்த்து 3,678 சதவீதமாகத் திரையில் வந்து நிற்கிறது.

பெரிய எண்ணைக் காட்டி ஆள் பிடிப்பவர்கள் எப்போதும் ஏபிஒய்யையே போடுவதற்கு இதுதான் காரணம். உள்ளே இருக்கும் விஷயம் 180, வெளியே போர்டில் 502.

மாற்றிப் பார்ப்பது சுலபம். எக்செல், கூகுள் ஷீட்ஸ் இரண்டிலும் இதற்கான ஃபார்முலா ஏற்கெனவே இருக்கிறது.

```
=EFFECT(1.8, 365)
=NOMINAL(5.02, 365)
```

முதல் வரி ஏபிஆரிலிருந்து ஏபிஒய்க்குப் போகிறது, இரண்டாவது வரி திரும்பி வருகிறது. 180 சதவீதத்தை 1.8 என்றும் 502 சதவீதத்தை 5.02 என்றும் போட வேண்டும். 365 என்பது வருடத்துக்கு எத்தனை முறை வட்டி அசலோடு சேர்கிறது என்பது, மாதம் ஒரு முறை என்றால் 12. எனக்கு இரண்டாவது வரிதான் அதிகம் பயன்படுகிறது. எந்தப் பெரிய ஏபிஒய்யைப் பார்த்தாலும் முதலில் அதை ஏபிஆராக இறக்கி, 365-ஆல் வகுத்து, "ஒரு நாளைக்கு எவ்வளவு தருகிறேன் என்கிறான்" என்று பார்த்துவிடுவேன்.

இன்னொன்று, அந்த ஏபிஒய் கிடைக்க வேண்டுமானால் வட்டி நிஜமாகவே தினமும் அசலோடு சேர வேண்டும். சில இடங்களில் அது தானாக நடக்கும். சொலானா என்ற நெட்வொர்க்கில் ஸ்டேக் செய்தால் சுமார் 2 நாளுக்கு ஒரு முறை வட்டி நேராக ஸ்டேக்கோடு சேர்ந்துவிடுகிறது, நாம் எதையும் தொட வேண்டாம். வேறு சில இடங்களில் நாமே போய் "கிளெய்ம்" அழுத்தி, மறுபடி ஸ்டேக் செய்ய வேண்டும், ஒவ்வொரு தடவையும் நெட்வொர்க் கட்டணம் போகும். 50,000 ரூபாய்க்கு 3 சதவீதம் என்றால் ஒரு நாள் வட்டி 4 ரூபாய், அதை எடுத்துத் திரும்பப் போட அதைவிட அதிகக் கட்டணம் ஆகும் என்றால் யார் தினமும் செய்யப் போகிறார்கள்? அந்த இடத்தில் திரையில் இருக்கும் ஏபிஒய்யை மறந்துவிட்டு ஏபிஆரை மட்டும் பாருங்கள்.

"502% போட்டிருக்கான். 50,000 போட்டா ஒரு வருஷத்துல மூணு லட்சம் ஆயிடுமா?"

இந்தக் கேள்வி தண்டையார்பேட்டையிலிருந்து வந்தது. கேட்ட தம்பி பணத்தைப் போட்ட பிறகுதான் என்னிடம் கேட்டான், அதனால் அவன் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன்.

காயின் விலை அன்று 10 ரூபாய். 50,000 ரூபாய்க்கு 5,000 காயின் வாங்கி ஸ்டேக் செய்தான், 90 நாள் லாக். 502 சதவீத ஏபிஒய்யை இறக்கினால் 180 சதவீத ஏபிஆர், ஒரு நாளைக்கு 0.49 சதவீதம். முதல் நாள் சுமார் 25 காயின் வந்தது, அன்றைய விலைக்கு 247 ரூபாய். பையன் குதித்துவிட்டான், உட்கார்ந்த இடத்தில் ஒரு நாளைக்கு 247 ரூபாய் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது.

90 நாள் முடியும்போது வட்டிக்கு வட்டி சேர்ந்து 5,000 காயின் 7,785 காயினாக ஆகியிருந்தது. ஆப் சொன்ன காயின் கணக்கில் ஒரு குறையும் இல்லை. ஆனால் லாக் திறந்த அன்று காயின் விலை 4 ரூபாய். 7,785-ஐ 4-ஆல் பெருக்கினால் 31,140 ரூபாய். போட்டது 50,000.

இதில் புரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்றுதான்: அந்த 502 சதவீதம் ரூபாய்க்கான வட்டி இல்லை, காயின் எண்ணிக்கைக்கான வட்டி. கையில் எத்தனை காயின் இருக்கும் என்று மட்டுமே அது சொல்கிறது. அந்தக் காயினை அன்றைக்கு யார் என்ன விலைக்கு வாங்குவார் என்று அந்த எண்ணுக்குள் எதுவும் இல்லை.

போடுவதற்கு முன்பே ஒரு சின்ன வகுத்தல் போட்டிருக்கலாம். 50,000-ஐ 7,785-ஆல் வகுத்தால் 6.42. அதாவது 90 நாளில் விலை 6 ரூபாய் 42 பைசாவுக்குக் கீழே போனால் அசலே கிடைக்காது. 10 ரூபாய் காயின் மூன்று மாதத்தில் 36 சதவீதம் விழுவது சின்னக் காயின்களில் சாதாரணம். அதிலும் இந்தக் காயின் விழுவதற்குக் காரணமே அந்த வட்டிதான்.

"வட்டி கொடுத்தா விலை ஏன் விழணும்? புரியல."

மொத்தம் 1 கோடி காயின் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள், விலை 10 ரூபாய், மொத்த மதிப்பு 10 கோடி ரூபாய். எல்லோரும் ஸ்டேக் செய்துவிட்டார்கள். 502 சதவீத ஏபிஒய் என்றால் ஒரு வருடத்தில் 1 கோடி காயின் 6 கோடியே 2 லட்சம் காயின் ஆகும். வெளியிலிருந்து புதுப் பணம் வரவில்லை, அந்தக் காயினுக்கு வெளியே வேறு வருமானமும் இல்லை என்றால் மொத்த மதிப்பு அதே 10 கோடிதான். 10 கோடியை 6.02 கோடியால் வகுத்தால் ஒரு காயின் 1 ரூபாய் 66 பைசா. உங்கள் 5,000 காயின் 30,115 ஆகியிருக்கும், 1.66-ஆல் பெருக்கிப் பாருங்கள், ஏறக்குறைய அதே 50,000. குண்டானில் பிரியாணி கூடவே இல்லை, பொட்டலம் மட்டும் ஆறு மடங்கு கட்டியிருக்கிறார்கள்.

இதுகூட எல்லோரும் விற்காமல் உட்கார்ந்திருந்தால்தான். நிஜத்தில் முன்னால் வந்தவர்கள் வட்டிக் காயினைத் தினமும் விற்றுக்கொண்டே இருப்பார்கள், விலை அதைவிட வேகமாக இறங்கும், கடைசியில் வந்து 90 நாள் லாக்கில் மாட்டியவர் கதவு திறக்கும்வரை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். அந்தக் காயினின் காண்ட்ராக்ட் முகவரியை, காயின் கணக்கை யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய ஈதர்ஸ்கேன் போன்ற எக்ஸ்ப்ளோரர் தளத்தில் போட்டு Total Supply என்ற எண்ணைக் குறித்து வையுங்கள். ஏழு நாள் கழித்து மறுபடி பாருங்கள். நம் உதாரணத்தில் ஒரு நாளைக்கு 0.49 சதவீதம், ஏழு நாளைக்கு சுமார் 3.5 சதவீதம். மொத்தக் காயினும் அதே அளவுக்கு ஏறியிருந்தால் வட்டி என்று வருவது வெறும் அச்சடிப்பு. மொத்தத்தில் ஒரு பகுதிதான் ஸ்டேக்கில் இருக்கிறது என்றால் ஏற்றம் அதற்கேற்ப குறைவாக இருக்கும், அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

அதே மாதிரி, அந்தக் காயினை விற்கும் இடத்தில் எதிர்ப்பக்கம் எவ்வளவு நிஜப் பணம் இருக்கிறது என்று பாருங்கள். ஸ்டேக்கில் 10 கோடி ரூபாய் மதிப்பு என்று ஆப் காட்டும், ஆனால் காயினை மாற்றிக்கொள்ளும் விற்பனைக் குளத்தில், ஒரு டாலர் மதிப்பிலேயே நிற்க வேண்டிய டாலர் காயின் பக்கம் 20 லட்சம் ரூபாய்தான் கிடக்கும். அந்தப் பத்துக் கோடி எல்லோரும் ஒரே நாளில் எடுக்க முடியாத பத்துக் கோடி.

"அப்போ ஸ்டேக்கிங்கே ஏமாத்து வேலையா? நல்லது எதுவுமே இல்லையா?"

அப்படிச் சொல்லவே மாட்டேன், நானே செய்கிறேன். வட்டி எங்கிருந்து வருகிறது என்று பதில் சொல்ல முடிகிற ஸ்டேக்கிங் இருக்கிறது.

ஏலச்சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் லாபம் யார் தருகிறார் என்று ஐந்தாவது படித்த அத்தைக்கும் தெரியும். அவசரத்துக்கு முன்னாடியே தள்ளி எடுத்தவர் விட்டுக்கொடுத்த தொகையைத்தான் மற்றவர்கள் பிரித்துக்கொள்கிறார்கள். அதே கேள்வியை ஸ்டேக்கிங்கிலும் கேட்க வேண்டும்.

எத்தீரியம் நெட்வொர்க் 2022 செப்டம்பர் 15 முதல் ஸ்டேக்கிங் முறையில்தான் ஓடுகிறது. பரிவர்த்தனைகளைச் சரிபார்ப்பவர்கள் அதன் காயினான ஈதரைப் பிணையாக வைக்கிறார்கள், தப்பு செய்தால் அதிலிருந்து வெட்டு விழும், ஒழுங்காகச் செய்தால் கூலி கிடைக்கும். அந்தக் கூலியில் ஒரு பங்கு புதிதாக உருவாகும் ஈதர், இன்னொரு பங்கு பயன்படுத்துபவர்கள் கட்டும் கட்டணம். விகிதம் 3 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கிறது. இன்னும் கவனிக்க வேண்டியது, ஸ்டேக் செய்பவர்கள் அதிகமானால் புதுக் காயினிலிருந்து வரும் விகிதம் தானாகவே குறையும், மொத்த ஸ்டேக் நான்கு மடங்கானால் அந்த விகிதம் பாதியாகும். கூட்டம் வந்தால் பங்கு குறையும் என்பது இயல்புதான். எத்தனை ஆயிரம் பேர் வந்தாலும் அதே 500 சதவீதம் தருவேன் என்பவன்தான் இயல்புக்கு மாறாகப் பேசுகிறான்.

காஸ்மோஸ் என்ற நெட்வொர்க்கில் 15 சதவீதத்துக்கு மேல்கூடப் பார்க்கலாம். அது மோசடி இல்லை, ஆனால் அந்த எண்ணையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு நெட்வொர்க் வருடத்துக்கு 10 சதவீதம் புதுக் காயின் வெளியிடுகிறது, 100-ல் 60 காயின்தான் ஸ்டேக்கில் இருக்கிறது என்று வையுங்கள். அந்த 10 காயினும் 60-க்கு மட்டும் போவதால் ஏறக்குறைய 16.7 சதவீதம் தெரியும். ஆனால் மொத்தக் காயினும் 10 சதவீதம் கூடிவிட்டதே! 1.167-ஐ 1.10-ஆல் வகுத்தால் 1.06, உங்கள் பங்கு உண்மையில் 6 சதவீதம்தான் வளர்ந்திருக்கிறது. அதுவும் ஸ்டேக் செய்யாமல் சும்மா வைத்திருந்தவர்களின் பங்கு கரைந்து உங்களிடம் வந்தது. காஸ்மோஸில் வெளியே எடுக்க 21 நாள் காத்திருக்கவும் வேண்டும், அந்த 21 நாளில் விலை என்ன ஆகும் என்பதும் உங்கள் தலையில்தான்.

"சரி, எத்தனை பர்சன்ட்டுக்கு மேல போனா சந்தேகப்படணும்?"

ஒரு கோடு போட்டு இதற்கு மேல் மோசடி, இதற்குக் கீழ் நல்லது என்று பிரிக்க முடியாது, 8 சதவீதம் சொல்லி ஏமாற்றுபவர்களும் இருக்கிறார்கள். ஆனால் எனக்கு ஒரு அளவுகோல் இருக்கிறது, அது நம் பக்கத்துத் தண்டல்.

பத்தாயிரம் தண்டல் என்றால் கையில் 8,500 தருவார்கள், தினமும் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். இதைவிடக் கொடுமையான வட்டி கிடையாது என்று நாம் எல்லோரும் பேசுகிறோம். தினமும் வசூலாகும் பணத்தைக் கணக்கில் எடுத்துப் பார்த்தால் அதன் உண்மையான வட்டி ஒரு நாளைக்கு சுமார் 0.33 சதவீதம். அதைச் சம்பாதிக்கத் தண்டல்காரர் தினமும் சாயங்காலம் கொருக்குப்பேட்டையிலிருந்து காசிமேடு வரை வண்டியில் அலைகிறார், சிலர் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போய்விடுகிறார்கள், அந்த நஷ்டமும் அவருக்குத்தான்.

இப்போது ஒரு ஆப் ஒரு நாளைக்கு 0.49 சதவீதம் தருகிறேன் என்கிறது, இன்னொன்று 1 சதவீதம் என்கிறது. தண்டலைவிட ஒன்றரை மடங்கு, மூன்று மடங்கு! உங்களுக்கே இவ்வளவு தர வேண்டுமானால் அவன் உங்கள் பணத்தை இதைவிட அதிக வட்டிக்கு யாரிடம் விட்டிருக்கிறான்? அந்தக் கடன்காரர் யார்? அப்படி ஒருவர் கிடையாது என்றால் வருவது அச்சடித்த காயின், இல்லையென்றால் உங்களுக்குப் பின்னால் சேர்ந்தவரின் அசல்.

"இது டாலர் காயின்ங்க. விலை இறங்கவே இறங்காது. 20%தான் தரான், ரொம்ப அதிகம் இல்லையே?"

2022-ல் இதே வார்த்தையைத்தான் உலகம் முழுக்கச் சொன்னார்கள். டெர்ரா நெட்வொர்க்கில் ஆங்கர் என்று ஒரு இடம், யுஎஸ்டி என்ற டாலர் காயினைப் போட்டால் ஏறக்குறைய 19.5 சதவீத ஏபிஒய். ஒரு யுஎஸ்டி எப்போதும் ஒரு டாலர் என்றார்கள். 500 சதவீதத்தைப் பார்த்தால் ஓடிப்போகிறவர்கள்கூட இதில் போட்டார்கள், ஏனென்றால் 20 என்பது பயமுறுத்தாத எண்.

வட்டி எங்கிருந்து வந்தது? கடன் வாங்கியவர்கள் கட்டிய வட்டியும், அவர்கள் பிணையாக வைத்த காயின்களின் ஸ்டேக்கிங் கூலியும். போட்டவர்கள் கூடிக்கொண்டே போக, வாங்கியவர்கள் அந்த அளவுக்கு இல்லை. மிச்சத்தை ஒரு சேமிப்பு நிதியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். அந்த நிதி வற்றி, 2022 பிப்ரவரியில் வெளியிலிருந்து சுமார் 45 கோடி டாலர் கொண்டுவந்து நிரப்பினார்கள். இது ஒளிவுமறைவாக நடக்கவில்லை, நிதி குறைந்துகொண்டே வருவதை யார் வேண்டுமானாலும் பார்க்க முடிந்தது.

மே மாதம் யுஎஸ்டி ஒரு டாலரிலிருந்து நழுவியது. அதைத் தாங்க வேண்டிய லூனா காயினை அச்சடிக்க அச்சடிக்க, மாதத் தொடக்கத்தில் 80 டாலர் பக்கம் இருந்தது இரண்டு வாரத்துக்குள் ஒரு சென்ட்டுக்கும் கீழே போனது. 19.5 சதவீத வட்டியை எதிர்பார்த்தவர்களுக்கு அசலே போனது.

கண்டிப்பாகச் சொன்னால் அது ஸ்டேக்கிங்கே இல்லை, கடன் கொடுக்கும் இடம். ஆனால் ஆப்களில் கடனையும் "ஸ்டேக்கிங்" என்றுதான் எழுதுகிறார்கள். செல்சியஸ் என்ற அமெரிக்க நிறுவனமும் வட்டி தருகிறேன் என்று காயின் வாங்கி, மற்றவர்களுக்குக் கடனாக விட்டு, 2022 ஜூனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோருடைய கணக்கையும் பூட்டியது, அடுத்த மாதம் திவால் மனு போட்டது. டாலர் காயினுக்கோ பிட்காயினுக்கோ "ஸ்டேக்கிங்" என்று யாராவது சொன்னாலே நின்று யோசியுங்கள். ஒரு டாலர் காயினைப் பிணையாக வைத்து எந்த நெட்வொர்க்கும் பரிவர்த்தனையைச் சரிபார்ப்பதில்லை, பிட்காயினில் அந்த முறையே கிடையாது. ஆகவே அது வேறு ஏதோ, பெரும்பாலும் உங்கள் காசு யாருக்கோ கடனாகப் போகிறது.

"என் மச்சானுக்கு மூணு மாசமா கரெக்டா வருது. ரெண்டு தடவை பேங்க்லயே எடுத்துட்டான். இதுக்கு மேல என்ன ப்ரூஃப்?"

அக்கா, பணம் வருகிறது என்பதை நான் நம்புகிறேன். ஆரம்பத்தில் தராமல் எந்த மோசடியும் நிற்காது. 2022-ல் ஆருத்ரா விஷயத்தை நாம் எல்லோரும் பார்த்தோம். மாதம் 25, 30 சதவீதம் என்று சொல்லி, போலீஸ் சொன்ன கணக்குப்படி சுமார் 1 லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய். அதில் முதலில் போட்டவர்களுக்கு வந்தது, வந்ததைப் பார்த்துத்தான் மாமா போட்டார், சித்தி போட்டார்.

காயின் உலகத்தில் பிட்கனெக்ட் அப்படித்தான். தினமும் 1 சதவீதத்தை ஒட்டி வட்டி, அதுவும் அவர்கள் சொந்தக் காயினை வாங்கிப் போட்டால். ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது, 400 டாலருக்கு மேல் போன காயின் அது. 2018 ஜனவரியில் கடையை மூடியதும் சில நாட்களில் விலை சரிந்துபோனது. இந்தியரான அதன் நிறுவனர் மீது 2022-ல் அமெரிக்காவில் 240 கோடி டாலர் மோசடி வழக்கு பதிவானது. அதிலும் மாதக்கணக்கில் ஒழுங்காக எடுத்தவர்கள் இருந்தார்கள்.

மச்சானிடம் இதை மட்டும் கேட்டுப் பாருங்கள்: இதுவரை எடுத்தது அவர் போட்ட அசலைத் தாண்டிவிட்டதா? 2 லட்சம் போட்டு 40,000 எடுத்திருந்தால், 1,60,000 இன்னும் அவர்களிடம்தான் இருக்கிறது. திரையில் தெரியும் லாபத்தை அதில் சேர்க்க வேண்டாம். ஆள் சேர்த்தால் கமிஷன் உண்டா என்பதையும் கேளுங்கள். எத்தீரியம் நெட்வொர்க்குக்கு உங்கள் சித்தியைச் சேர்த்துவிட வேண்டிய தேவையே இல்லை.

"'up to 40%'-னு போட்டிருக்கு. அது நமக்குக் கிடைக்குமா?"

பெரும்பாலும் இல்லை. அந்த எண் முதல் சில ஆயிரம் ரூபாய்க்கு மட்டும் இருக்கலாம், இல்லை ஆறு மாத லாக்குக்கு, இல்லை அவர்கள் சொந்தக் காயினையும் வாங்கி வைத்தவருக்கு. விகிதம் எப்போது வேண்டுமானாலும் மாறும் என்று கீழே சின்ன எழுத்தில் இருக்கும். சில இடங்களில் நேற்று ஒரு நாள் வந்ததை வைத்து ஒரு வருடத்துக்கு நீட்டிப் போடுகிறார்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் வியாபாரத்தை 365-ஆல் பெருக்கின மாதிரி.

"டாக்ஸ் எப்படி?"

காயினை விற்று வரும் லாபத்துக்கு 2022 ஏப்ரலிலிருந்து 30 சதவீத வரி, மேலே செஸ். விற்கும்போது 1 சதவீதம் டிடிஎஸ் பிடிப்பார்கள். ஒரு காயினில் வந்த நஷ்டத்தை இன்னொரு காயின் லாபத்தில் கழிக்க முடியாது. தண்டையார்பேட்டைத் தம்பிக்கு ஏற்பட்ட 18,860 ரூபாய் நஷ்டம் நஷ்டமாகவே நிற்கும், அதே வருடம் வேறு காயினில் 18,860 லாபம் பார்த்திருந்தாலும் அந்த லாபத்துக்கு முழு வரி கட்ட வேண்டும். ஆப் காட்டும் எந்த ஏபிஒய்யிலும் இது கழிக்கப்பட்டிருக்காது.

"போட்டாச்சுண்ணா. இப்போ எடுக்கப் போனா 'முதல்ல 30% டாக்ஸ் கட்டு, அப்புறம் ரிலீஸ் பண்றோம்'னு சொல்றான். கட்டிடவா?"

கட்டவே கட்டாதீர்கள். நம் நாட்டில் இந்த வரி வருமானவரித் துறைக்குப் போவது, டிடிஎஸ் என்றால் வருகிற பணத்திலிருந்தே பிடித்துக்கொண்டு மிச்சத்தைத் தருவார்கள். உங்கள் பணம் அவனிடம் இருக்கும்போது, வெளியிலிருந்து புதுப் பணம் அனுப்பினால்தான் திறப்பேன் என்பவனிடம் திறக்க எதுவும் இல்லை. இதைக் கட்டினால் அடுத்து "வெரிஃபிகேஷன் டெபாசிட்", அதற்கடுத்து "லேட் ஃபீஸ்". திருவொற்றியூரில் ஒருவர் இப்படி மூன்று தடவை கட்டிய பிறகு என்னிடம் வந்தார், கடைசித் தடவை கட்டியது மனைவியின் நகையை அடகு வைத்த பணம்.

உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள், cybercrime.gov.in-இல் புகார் போடுங்கள். பேங்கிலிருந்தோ யுபிஐயிலிருந்தோ போன பணம் என்றால் எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு தூரம் அந்தக் கணக்கை முடக்க வாய்ப்பு இருக்கிறது, ராத்திரி ஆகிவிட்டது காலையில் பார்க்கலாம் என்று விடாதீர்கள். வாட்ஸ்அப், டெலிகிராம் பேச்சை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், பணம் போன யுடிஆர் எண், காயினாக அனுப்பியிருந்தால் அந்தப் பரிவர்த்தனையின் ஹாஷ், அவர்கள் கொடுத்த வாலட் முகவரி எல்லாவற்றையும் ஒரு தாளில் தேதி வாரியாக எழுதுங்கள். உங்கள் வாலட்டைத் திறக்கும் 12 ரகசிய வார்த்தைகளை எங்கேயாவது டைப் செய்திருந்தால் மிச்சம் இருப்பதைப் புது வாலட்டுக்கு இப்போதே மாற்றுங்கள். அப்புறம், "போன பணத்தை மீட்டுத் தரேன், 10,000 முன்பணம் கொடு" என்று இன்னொருவன் இரண்டு மூன்று நாளில் கூப்பிடுவான். அவனுக்கும் பதில் சொல்லாமல், அந்த நம்பரையும் அதே தாளில் எழுதிப் போலீஸிடம் கொடுங்கள்.